புது அப்பளம் பழைய அப்பளத்தைத் தின்றால் லாபக் கணக்கு என்னாகும்?

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் அண்ணனும் நானும் அப்பளக் கம்பெனி நடத்துகிறோம். 200 கிராம் உளுந்து அப்பளம் மாதம் 60,000 பாக்கெட் போகிறது. விநியோகஸ்தருக்கு 42 ரூபாய்க்குக் கொடுக்கிறோம். மாவு, கூலி, கவர், லாரி வாடகை எல்லாம் சேர்த்து அடக்கம் 30 ரூபாய். இப்போது இயந்திரத்தில் செய்யும் மிளகு சீரக மினி அப்பளம் போட எண்ணியிருக்கிறோம். விலை 38, அடக்கம் 28. மாதம் 20,000 பாக்கெட் எதிர்பார்க்கிறோம். இயந்திரம் 40 லட்சம், நடைமுறை மூலதனம் 4 லட்சம், ஆண்டுக்குக் கூடுதல் நிலையான செலவு 6 லட்சம். ஐந்து ஆண்டு கழித்து இயந்திரம் 4 லட்சத்துக்குப் போகும். 14% விகிதத்தில் நிகர இன்றைய மதிப்பு 22 லட்சம் என்று ஆடிட்டர் எழுதித் தந்திருக்கிறார். அண்ணனோ, "புதியதை வாங்குபவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் நம் பழைய வாடிக்கையாளராகத்தான் இருப்பார்கள். வருஷத்துக்கு 40 லட்சம் வியாபாரம் போய்விடும், வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

— ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆடிட்டரின் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000 பாக்கெட். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் மிச்சம் என்றால் 24 லட்சம். நிலையான செலவு 6 லட்சம் போக 18 லட்சம். பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்பு குறைவு என்பதால், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் வந்தால், 14% விகிதத்தில் அதன் இன்றைய மதிப்பு 3.43 லட்சம். அந்தக் கணக்கில் 18 லட்சத்துக்கு 61.8 லட்சம் வருகிறது. கடைசியில் திரும்பி வரும் இயந்திர விலையும் நடைமுறை மூலதனமும் இன்றைய மதிப்பில் 4.2 லட்சம். இரண்டையும் கூட்டி, முதலில் போடும் 44 லட்சத்தைக் கழித்தால் 22 லட்சம் நிற்கிறது. ஆனால் இது, இதுவரை ஒரு அப்பளம்கூட விற்காத ஒருவர் புதிதாகத் தொழில் தொடங்கினால் போட வேண்டிய கணக்கு. நீங்கள் ஏற்கெனவே கடையில் இருக்கிறீர்கள்.

அண்ணன் ஓட்டையைச் சரியாகப் பார்த்துவிட்டார். அதன் அளவைத்தான் மிகையாகச் சொல்கிறார். புதியதில் 40% என்பது ஆண்டுக்கு 96,000 பாக்கெட். அதை 42 ரூபாயால் பெருக்கித்தான் 40 லட்சம் என்கிறார். அந்த 96,000 பாக்கெட் விற்காமல் போனால் அவற்றுக்கான உளுந்து மாவையும் நீங்கள் வாங்கப் போவதில்லை. கவரும் லாரி வாடகையும் மிச்சமாகும். உண்மையில் கையை விட்டுப் போவது பாக்கெட்டுக்கு 12 ரூபாய்தான். ஆண்டுக்கு 11.52 லட்சம்.

நிர்வாகப் படிப்பில் கேனிபலைசேஷன் என்று சொல்லப்படும் இந்த இழப்பை, நிகர இன்றைய மதிப்புக் கணக்கில் புதிய பொருளின் வரவிலிருந்துதான் கழிக்க வேண்டும். பழைய பொருளின் கணக்கில் வேறு எங்கோ எழுதி வைத்தால் முடிவு எடுக்கும் நேரத்தில் அது கண்ணில் படாது. கழித்துப் பாருங்கள்: 18 லட்சத்தில் 11.52 போக மிஞ்சுவது 6.48 லட்சம். அதன் ஐந்தாண்டு இன்றைய மதிப்பு 22.2 லட்சம். கடைசியில் வரும் 4.2 லட்சத்தைச் சேர்த்தாலும் 44 லட்சத்தில் பாதியைச் சற்றுத்தான் தாண்டுகிறது. திட்டம் 17.6 லட்சம் நஷ்டத்தில் நிற்கிறது. ஆக, அண்ணனின் கணக்கு தப்பாக இருந்தாலும், 40% என்ற அவருடைய ஊகம் உண்மையானால் அவர் முடிவு சரிதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடுவது உதவும். எத்தனை சதவீதம் தின்றால் திட்டம் லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கும்? 22 லட்சத்தை 3.43 ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 6.4 லட்சம், அதை 12 ரூபாயால் வகுத்தால் சுமார் 53,000 பாக்கெட். புதிய விற்பனையில் அது 22%. இனி அண்ணனும் நீங்களும் சண்டை போட வேண்டியது இந்த ஒரு எண்ணைப் பற்றித்தான்: உண்மையான அளவு 22 சதவீதத்துக்கு மேலா, கீழா? பேசும்போது எதன் சதவீதம் என்பதையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள். புதியதில் 40% என்பது பழையதில் வெறும் 13%தான். ஒருவர் புதியதை மனத்தில் வைத்தும் மற்றவர் பழையதை மனத்தில் வைத்தும் ஒரே எண்ணைச் சொல்லி மணிக்கணக்கில் வாதாடுவது கம்பெனிக் கூட்டங்களில் சாதாரணம்.

(வரியை இங்கே சேர்க்கவில்லை, 14% என்பதையும் வரிக்கு முந்தைய விகிதமாகவே எடுத்துக்கொண்டேன். இன்னொன்று: அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதனால் இயந்திரம் வாங்கும்போது கட்டும் 18% வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. கொட்டேஷனில் உள்ள 40 லட்சம் வரி சேர்ந்ததா என்று பாருங்கள். சேராததாக இருந்தால் இன்னொரு 7.2 லட்சம் செலவு. தாங்கக்கூடிய அளவு 22 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.)

அடுத்து அந்த 30 ரூபாய் அடக்கத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய பாக்கெட் குறையும்போது 30 ரூபாயும் மிச்சமாகும் என்று வைத்துத்தான் இழப்பு 12 ரூபாய் என்றேன். மாவும் கவரும் அப்படியே குறையும். கூலி குறையுமா? அப்பளம் தேய்க்கும் பெண்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி கொடுத்தால் குறையும். மாதச் சம்பளம் என்றால் விற்பனை 13% குறைந்தது என்பதற்காகச் சம்பளம் குறையாது. பாதிப் பகல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மாதக் கடைசியில் எண்ணிக் கொடுக்க வேண்டும். 30 ரூபாயில் கூலி 6 ரூபாய் என்று வைப்போம். அப்போது மிச்சமாவது 24 ரூபாய்தான். போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இழப்பு 18 ரூபாய். திட்டம் தாங்கும் அளவு 22 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்தப் பெண்களில் சிலரைப் புதிய பகுதியில் பாக்கெட் போட மாற்றினால் இழப்பு குறையும். ஆனால் புதியதற்கான 28 ரூபாயில் தனியாக ஆள்கூலி சேர்த்திருக்கிறீர்களா என்று அப்போது பார்க்க வேண்டும். சம்பளத்தை இரண்டு பக்கமும் எழுதிவிடக் கூடாது.

புதியது ஏன் பழையதைத் தின்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் வீட்டுப் பெண்மணியைக் காட்டுவார்கள்: உளுந்து அப்பளம் வாங்கியவர் மினி அப்பளத்துக்கு மாறிவிட்டார் என்று. அது பாதிக் கதை. மீதிக் கதை கடைக்காரரின் கல்லாவில் இருக்கிறது. உங்கள் விற்பனைப் பையனோடு ஒருநாள் சிறு மளிகைக் கடைகளுக்குப் போய் நில்லுங்கள். கடைக்காரர் அப்பளத்துக்கு என்று ஒரு தட்டில் ஒரு முழ இடம் ஒதுக்கியிருப்பார். சரம் சரமாகத் தொங்கவிட ஒரு கம்பி இருக்கும். உங்கள் பையன் புதுப் பாக்கெட்டை எடுத்துக் காட்டியதும் அவர் மறுக்க மாட்டார். "சரி, அதில் ஒரு டஜன் போடு. பழையதில் மூன்று டஜன் வேண்டாம், இரண்டு போதும்" என்பார். உங்களுக்கென்று அவர் வாரத்துக்கு ஒதுக்கும் பணம் கூடவில்லை. அதே பணம் இரண்டாகப் பிரிந்தது. எந்த வாடிக்கையாளரும் இன்னும் எதற்கும் மாறவில்லை, ஆனால் பழைய பாக்கெட் ஏற்கெனவே குறைந்துவிட்டது. வார நடுவில் பழையது தீர்ந்து போனால் அங்கே வருபவர் பக்கத்தில் இருக்கும் வேறு கம்பெனி அப்பளத்தை எடுத்துப் போவார். அந்த இழப்பு உங்கள் புதிய பொருளுக்குக்கூட வந்து சேராது.

இந்த வகைத் தின்னலுக்கு மருந்து சுவையிலோ விளம்பரத்திலோ இல்லை. கூடுதல் இடம், கூடுதல் கடன் நாள், அல்லது பழையதன் அளவைக் குறைக்காத கடைக்கு மட்டும் புதியதைக் கொடுப்பது என்று ஏதாவது ஒன்று வேண்டும். எதுவானாலும் அதற்கும் பணம் செலவாகும். அந்தச் செலவு நீங்கள் எழுதிய 6 லட்சத்தில் இருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

இனி உங்கள் பக்கத்துக்குச் சாதகமான வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அண்ணன் அதை நிச்சயம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் மினி அப்பளம் போடவில்லை என்று வையுங்கள். அந்த 96,000 பாக்கெட்டும் ஐந்து ஆண்டுக்கும் உங்களிடமே இருக்குமா? வேறொருவர் மினி அப்பளத்தைக் கொண்டுவந்து கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் இறக்கினால், அதே வாடிக்கையாளர்கள் உங்கள் மினிக்குப் பதில் அவருடைய மினிக்குப் போவார்கள். எப்படியும் போகப்போகிற விற்பனையைப் புதிய திட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஒப்பிட வேண்டியது இன்றைய விற்பனையோடு அல்ல. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் நாளை இருக்கக்கூடிய விற்பனையோடு.

எண்ணில் பார்ப்போம். முதல் ஆண்டு போட்டியாளர் வரவில்லை, 96,000 பாக்கெட் இழப்பும் உங்கள் திட்டத்தின் கணக்குதான். இரண்டாம் ஆண்டில் அதில் பாதி எப்படியும் போயிருக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து முக்கால் பங்கு போயிருக்கும். அப்படியானால் திட்டத்தால் நேரும் இழப்பு முதல் ஆண்டு 11.52 லட்சம், அடுத்த ஆண்டு 5.76, அதன்பின் ஆண்டுக்கு 2.88. இவற்றின் இன்றைய மதிப்பு 19.7 லட்சம். 22 லட்சத்தில் இதைக் கழித்தால் 2.3 லட்சம் லாபம். 17.6 லட்சம் நஷ்டமாக இருந்த திட்டம் கரையேறிவிட்டது.

அவசரப்பட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். இந்த வாதத்தைச் சொல்பவர்கள் வழக்கமாக மறைக்கும் ஒரு பகுதி உண்டு. போட்டியாளர் வருவார், பழைய விற்பனையைக் கொத்திக்கொண்டு போவார் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கத்தில் புதிய விற்பனை மட்டும் 2,40,000 பாக்கெட்டில் ஆடாமல் நிற்கும் என்று எழுதுவார்கள். உங்கள் உளுந்து அப்பளத்தைத் தொடுகிறவர் மினியை விட்டுவைப்பாரா? இரண்டாம் ஆண்டிலிருந்து புதியதில் வெறும் 10%, அதாவது 24,000 பாக்கெட் அவரிடம் போவதாக வையுங்கள். அதுவும் புதிதாக உங்களிடம் வந்த வாடிக்கையாளர்களே என்று வையுங்கள். ஆண்டுக்கு 2.4 லட்சம் குறையும். இன்றைய மதிப்பில் 6.1 லட்சம். 2.3 லட்சம் லாபம் 3.8 லட்சம் நஷ்டமாகிவிடும். போட்டியாளரைக் கணக்குக்குள் கூப்பிட்டால் இரண்டு பக்கமும் கூப்பிட வேண்டும்.

ஆக எல்லாம் அந்தச் சதவீதத்தில் வந்து நிற்கிறது. அதை அறையில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை. இயந்திரம் வாங்குவதற்கு முன், இதே இயந்திரம் வைத்திருக்கும் வேறு ஒரு கம்பெனியிடம் கொடுத்து நான்கு மாதத்துக்கு மினி அப்பளம் செய்து வாங்குங்கள். பாக்கெட்டில் அவர்களுடைய உணவு உரிம எண்ணும் இடம்பெற வேண்டும். பாக்கெட்டுக்கு ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் பரவாயில்லை, இது லாபத்துக்கான வேலை அல்ல. அதைத் தேனியில் மட்டும் விடுங்கள். விருதுநகரில் விடாதீர்கள்.

இரண்டு மாவட்டம் ஏன் என்றால், அப்பள விற்பனை மாதத்துக்கு மாதம் தாவும். தை பிறந்து கல்யாணங்கள் தொடங்கினால் ஏறும். ஆடியிலும் மார்கழியிலும் இறங்கும். தையில் சோதனையைத் தொடங்கினால் பழையதும் ஏறிக்கொண்டிருக்கும். "பார், புதியது எதையும் தின்னவில்லை" என்று நீங்கள் மகிழ்வீர்கள். ஆடியில் தொடங்கினால் பருவத்தால் வந்த இறக்கத்தையும் புதியதன் மேல் போட்டு அண்ணன் மகிழ்வார். விருதுநகர் அந்தப் பருவத்தைத் தனியே காட்டிக் கொடுக்கும்.

உதாரணமாக, தேனியில் பழையது மாதம் 8,000 பாக்கெட் போய்க்கொண்டிருந்து 6,900 ஆகிறது என்று வையுங்கள். 1,100 குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். புதியது போகாத விருதுநகரிலும் அதே மாதம் 5% குறைந்திருந்தால், தேனியில் எப்படியும் 7,600தான் போயிருக்கும். ஆகவே புதியது தின்றது 700. அந்த மாதம் தேனியில் புதியது 2,500 விற்றிருந்தால் 28%. உங்கள் எல்லை 22. அந்த 28 சதவீதத்தில் திட்டம் சுமார் 5.7 லட்சம் நஷ்டம்.

எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். விநியோகஸ்தருக்கு நீங்கள் அனுப்பியது விற்பனை அல்ல. முதல் மாதம் போகும் புதிய சரக்கில் பெரும்பகுதி அவர் கிடங்கையும் கடைத் தட்டையும் நிரப்பத்தான் போகும். விநியோகஸ்தர் கடைகளுக்குப் போட்ட பில்களைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் இருபது கடைகளில் வாரம் ஒருமுறை மீதியை எண்ணச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் ஆசைக்கு வாங்கிப் பார்ப்பவர்கள் அதிகம் என்பதால் மூன்றாம், நான்காம் மாத எண்ணைத்தான் நான் நம்புவேன்.

கடைசியாக, உங்கள் விலை. புதியதில் பாக்கெட்டுக்கு 10 ரூபாய், பழையதில் 12 ரூபாய். அதாவது மாறிப் போகும் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நீங்கள் 2 ரூபாய் இழக்கிறீர்கள். புதிய வாடிக்கையாளர்கள் அந்த ஓட்டையை அடைத்து, அதற்குமேல் இயந்திரத்துக்கும் சம்பாதித்துத் தர வேண்டியிருக்கிறது. புதிய பொருளை மலிவாக வைத்துப் பழைய வாடிக்கையாளரை நீங்களே கைகாட்டி அங்கே அனுப்புகிறீர்கள். 38 என்பதை 41 ஆக்கிப் பாருங்கள். மிச்சம் 13 ரூபாய். இப்போது மாறுகிறவர் ஒரு ரூபாய் கூடுதலாகத்தான் தருகிறார். அண்ணன் சொன்ன 40 சதவீதமே தின்றாலும், ஆண்டு வரவு 13.7 லட்சம், நிகர இன்றைய மதிப்பு 7 லட்சம் லாபம். விலை ஏறியதால் புதியதன் விற்பனை 10% குறைந்தால்கூடத் திட்டம் ஏறக்குறைய சமமாக நிற்கிறது, நஷ்டத்தில் இறங்கவில்லை. விலை நெருங்கினால் மாறிப் போகிறவர் எண்ணிக்கையும் குறைய வாய்ப்பு உண்டு. அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஆனால் 41 ரூபாயில் 10%தான் குறையுமா, 30% குறையுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆகவே சோதனையில் சிவகங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தேனியில் 38 ரூபாய், சிவகங்கையில் 41 ரூபாய், விருதுநகரில் புதியது கிடையாது. இரண்டு மாவட்டத்தையும் இரண்டு விநியோகஸ்தரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒரே ஆளிடம் கொடுத்தால் தேனிச் சரக்கு ஒரே வாரத்தில் சிவகங்கைக் கடைகளில் 38 ரூபாய்க்குத் தொங்கும்.